ஸ்லைடு டெக்கிலிருந்து சப்போர்ட் வழிகாட்டி: ஃபைபர் இன்டர்நெட்டை வைத்துச் சில கேள்வி பதில்கள்

வீட்டு ஃபைபர் இணைப்பு கொடுக்கும் நிறுவனங்களில் பழுதுகளையும் தீர்வுகளையும் விளக்கி ப்ராடக்ட் டீம் ஒரு டெக் கொடுக்கும். அதைப் போன் எடுப்பவர்கள் பயன்படுத்தும் கேள்வி வழிகாட்டியாக மாற்றும் வேலையைப் பல வருடமாகச் செய்கிறேன். அந்த வேலையைப் புதிதாக எடுத்தவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

டெக்கில் எல்லாமே இருக்கிறதே. அதையே சப்போர்ட் ஆட்களுக்கு அனுப்பிவிட்டால் என்ன?

டெக் எழுதியவர் கருவிக்கு உள்ளே இருந்து வெளியே பார்க்கிறார். "ஃபைபர் அறுந்தால், ஒளி வரவில்லை என்று காட்டும் LOS விளக்கு சிவப்பாகும்" என்று எழுதுவார். முதலில் காரணம், அப்புறம் அறிகுறி. போன் எடுப்பவருக்குக் கிடைப்பதோ அறிகுறி மட்டும். அதுவும் விளக்கின் பெயரோடு வராது, "நெட் வரலைங்க" என்றுதான் வரும். அங்கிருந்து அவர் பின்னோக்கி நடக்க வேண்டும்.

டெக்கில் அந்தப் பாதை கிடையாது. நெட் வராததற்கான காரணங்கள் மின்சாரம், ஃபைபர், லாகின், வைஃபை என்று நாலைந்து இடத்தில் சிதறிக் கிடக்கும். லைனில் ஒருவர் காத்திருக்கும்போது யாரும் நாற்பது ஸ்லைடைப் புரட்ட மாட்டார்கள். தெரிந்த இரண்டையே செய்வார்கள்: "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்பார்கள், சரியாகவில்லை என்றால் டெக்னீஷியனை அனுப்புவார்கள்.

முதல் ஸ்லைடிலிருந்து வரிசையாக எழுதிக்கொண்டு போகலாமா?

வேண்டாம். முதலில் டெக்கை மூடி வையுங்கள். போன மாதத்துப் புகார்களை எடுத்து, அழைத்தவர் சொன்ன முதல் வாக்கியத்தை மட்டும் ஒரு ஷீட்டில் எழுதுங்கள். டிக்கெட்டில் நம் ஆட்கள் போட்ட "லிங்க் டவுன்", "ஆதென்டிகேஷன் ஃபெயில்" எல்லாம் வேண்டாம், அவர் வாயிலிருந்து வந்ததுதான் வேண்டும். அழைப்புப் பதிவு இருந்தால் கேட்டு எழுதுங்கள்.

நான் செய்தபோதெல்லாம் கடைசியில் நான்கு குவியல்தான் மிஞ்சியது: நெட்டே இல்லை, ஸ்லோவாக இருக்கிறது, விட்டு விட்டு வருகிறது, வைஃபை பெயர் காட்டவில்லை அல்லது பாஸ்வேர்ட் எடுக்கவில்லை. இந்த நான்கும்தான் உங்கள் வழிகாட்டியின் நான்கு பக்கங்கள்.

அப்புறம் டெக்கைத் திறந்து, ஒவ்வொரு ஸ்லைடும் எந்தக் குவியலுக்கு உதவும் என்று பாருங்கள். ஒரே ஸ்லைடு இரண்டு குவியலுக்குப் போகலாம், தவறில்லை. எதற்குமே போகாத ஸ்லைடுகளும் இருக்கும். ஓஎல்டி கார்டு மாற்றுவது, அதாவது எக்ஸ்சேஞ்சில் இருந்து எல்லா வீட்டுக்கும் ஒளி அனுப்பும் பெட்டியின் கார்டை மாற்றுவது, நெட்வொர்க் டீமின் வேலை. அதைத் தயங்காமல் விட்டுவிடுங்கள்.

ஒரு ஸ்லைடு எப்படிக் கேள்வியாக மாறுகிறது? ஒன்றைச் செய்து காட்டுங்களேன்.

LOS ஸ்லைடையே எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய எல்லா டெக்கிலும் இது இப்படித்தான் இருக்கும்: "LOS சிவப்பு. காரணங்கள்: கேபிள் அறுந்தது, கேபிள் அதிகமாக மடிந்தது, கனெக்டரில் அழுக்கு, ஸ்ப்ளிட்டர் பழுது, ஓஎல்டி போர்ட் பழுது. தீர்வு: ஒளி அளவைப் பவர் மீட்டரில் பார்க்கவும், கனெக்டரைச் சுத்தம் செய்யவும், தேவையென்றால் அறுந்த இடத்தை ஸ்ப்ளைஸ் செய்து இணைக்கவும்."

தீர்வு மூன்றும் டெக்னீஷியன் கையில் இருப்பவை. போனில் இருப்பவரால் ஒன்றையும் செய்ய முடியாது. அதனால் தீர்வைத் தொடாமல் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து, "இது நடந்திருந்தால் மீட்டர் இல்லாமலே யார் கண்ணுக்கு, எங்கே தெரியும்?" என்று கேளுங்கள்.

போர்ட் போயிருந்தால் அந்தப் போர்ட்டில் உள்ள வீடுகள் எல்லாம் ஒன்றாக விழுந்திருக்கும். ஒரு போர்ட்டில் பெரும்பாலும் 32 அல்லது 64 வீடுகள் வரை பிரிந்து போகும். அது நம் திரையிலேயே தெரியும். ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஸ்ப்ளிட்டர் போயிருந்தால் அந்தப் பெட்டியில் இருந்து போகும் வீடுகள் மட்டும் விழும், அதுவும் திரையில் தெரியும். கேபிள் மடிந்தது வீட்டுக்குள் என்றால் வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரியும். மிச்சம் இருப்பது வெளியே அறுந்ததும் கனெக்டர் அழுக்கும். இரண்டும் போனில் தெரியாது.

இப்போது பக்கத்தை எழுதலாம்:

1. (திரையில் பார்) இதே போர்ட்டில் மற்ற வீடுகளும் டவுனா? ஆம் என்றால் நெட்வொர்க் டீமுக்கு அனுப்பு. வாடிக்கையாளரிடம் "உங்க ஏரியாவிலேயே லைன் போயிருக்கு, வேலை நடக்குது" என்று சொல். வேறு கேள்வி கேட்காதே. இல்லை என்றால் 2.
2. (திரையில் பார்) கடைசியாக டவுன் ஆன காரணம் என்ன? `dying-gasp` என்றால் மின்சாரப் பக்கத்துக்குப் போ. `LOS` என்றால் 3.
3. (கேள்) "நேத்து இன்னைக்குள்ள அந்த டப்பாவை நகர்த்தினீங்களா? பெயிண்ட் அடிச்சது, சோபா, பீரோ நகர்த்தினது ஏதாவது உண்டா?" ஆம் என்றால் 4. இல்லை என்றால் 5.
4. (கேள்) "டப்பாவில் மெல்லிசா ஒரு வயர் சொருகியிருக்கும். அதைப் பிடுங்காதீங்க. எங்கேயாவது மடங்கி இருக்கா, எதுக்காவது அடியில் மாட்டியிருக்கா பாருங்க. இருந்தா தளர்வா விடுங்க." இரண்டு நிமிடம் பொறு. சிவப்பு போனால் முடிந்தது. போகவில்லை என்றால் 5.
5. டெக்னீஷியனை அனுப்பு. டிக்கெட்டில் எழுது: எத்தனை மணிக்கு விழுந்தது, பக்கத்து வீடுகள் நன்றாக உள்ளதா, வீட்டில் எதை நகர்த்தினார்கள், கடைசியாகப் பதிவான ஒளி அளவு.

அறுந்த கேபிளையும் அழுக்குக் கனெக்டரையும் இந்தப் பக்கம் பிரிக்கவே இல்லை. இரண்டுக்கும் அடுத்து செய்யப் போவது ஒன்றுதான், டெக்னீஷியன் போக வேண்டும். வழிகாட்டி எழுதும்போது நான் விடாமல் பிடித்துக்கொள்வது இதைத்தான். பதில் எதுவானாலும் அடுத்த வேலை மாறாது என்றால் அந்தக் கேள்வி பக்கத்தில் இருக்கக் கூடாது. உங்கள் நிறுவனத்தில் ஸ்ப்ளைஸ் செய்யப் போகும் ஆள் தனி, கனெக்டர் சுத்தம் செய்யப் போகும் ஆள் தனி என்றால் மட்டும் இன்னொரு கேள்வி சேர்ப்பதில் அர்த்தம் உண்டு.

அது என்ன `dying-gasp`?

வீட்டில் இருக்கும் ஓஎன்டி பெட்டிக்கு மின்சாரம் போகும் நொடியில், உள்ளே மிச்சமிருக்கும் கொஞ்சம் சக்தியை வைத்து "நான் அணையப் போகிறேன்" என்று ஓஎல்டிக்கு ஒரு செய்தி அனுப்பும். அதுதான் திரையில் `dying-gasp` என்று பதிவாகிறது. ஃபைபர் அறுந்திருந்தால் அந்தச் செய்தி வர வழியே இல்லை, அதனால் `LOS` என்று பதிவாகும்.

சப்போர்ட்டுக்கு இது பெரிய உதவி. "கரண்ட் இருக்குங்களா, அடாப்டர் சொருகியிருக்கா, சுவிட்ச் போட்டிருக்கா" என்ற மூன்று கேள்வியைக் கேட்காமலே, அடாப்டர் பக்கம் போகலாமா ஃபைபர் பக்கம் போகலாமா என்று தெரிந்துவிடுகிறது. பல டெக்குகளில் இது கடைசியில், நெட்வொர்க் டீமுக்கான ஸ்லைடில் ஒரே ஒரு வரியாக ஒளிந்திருக்கும். அப்படி ஒளிந்திருப்பதைத் தேடி முன்னால் கொண்டுவாருங்கள். உங்களிடம் உள்ள மாடல் இதை ஒழுங்காக அனுப்புகிறதா என்று மட்டும் ஆபீசில் ஒன்றின் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

எந்தக் கேள்வியை முதலில் வைப்பது என்று எப்படி முடிவு செய்வது?

முதலில் நம் திரையிலேயே பதில் கிடைக்கிற கேள்விகள். அடுத்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே வாடிக்கையாளர் சொல்லக்கூடியவை. அதற்கும் அடுத்து, எழுந்து போய்ப் பார்க்க வேண்டியவை. எதையாவது கழற்றி மாட்ட வேண்டியவை கடைசியில். ஒரே அளவு சிரமம் உள்ள இரண்டு கேள்வி இருந்தால், எது அதிகக் காரணங்களை ஒரே அடியில் தள்ளிவிடுமோ அது முன்னால்.

வாடிக்கையாளர் "எல்லா லைட்டும் நல்லாத்தான் எரியுது" என்கிறார், ஆனால் லைன் டவுன். என்ன செய்வது?

அவர் பொய் சொல்லவில்லை, நம் கேள்விதான் சரியில்லை.

ஒரு அம்மாவின் அழைப்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் எழுதிய பக்கத்தில் முதல் கேள்வி "ஓஎன்டியில் சிவப்பு லைட் எரிகிறதா?" என்பது. எங்கள் சப்போர்ட் பையன் அதையே "டப்பாவுல சிவப்பு எரியுதாம்மா?" என்று கேட்டான். "இல்லப்பா, பச்சைதான் எரியுது" என்றார். பக்கம் அவனை லாகின் பிரச்சினைக்குக் கொண்டுபோனது. பத்து நிமிடம் போராடிய பிறகு, "டப்பா எங்கம்மா இருக்கு?" என்று கேட்டான். "டிவிக்குக் கீழதான்" என்றார். அவர் பார்த்தது செட்டாப் பாக்ஸ். ஓஎன்டி பீரோவுக்குப் பின்னால், துணி மூடிக் கிடந்தது.

அன்றிலிருந்து விளக்கைப் பற்றிக் கேட்கும் முன் பெட்டியை அடையாளம் காட்டும் கேள்வியை வைக்கிறேன்: "மெல்லிசான வயர் ஒண்ணு, நுனியில் பச்சை கலர் பிளக்கோட, சொருகியிருக்கும். அந்த டப்பா பக்கத்துல நிக்கிறீங்களா?" எங்கள் இணைப்புகளில் கனெக்டர் பச்சை நிறம்தான், உங்களிடம் நீலம் என்றால் அதை எழுதுங்கள்.

இன்னொன்றும் உண்டு. "சிவப்பு எரிகிறதா?" என்று கேட்டால் ஆம், இல்லை என்று மட்டும்தான் வரும், பயத்தில் ஒருவர் எதையாவது சொல்லிவிடுவார். "எத்தனை லைட் எரியுது? இடது பக்கத்துல இருந்து ஒவ்வொண்ணா கலர் சொல்லுங்க" என்று கேளுங்கள். அவர் சொல்லச் சொல்ல நம் ஆள் படத்தோடு ஒப்பிடலாம். ஓஎல்டியோடு இணைப்பைக் காட்டும் PON விளக்கு நிலையாக எரிகிறதா, சிமிட்டுகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். பெரும்பாலான மாடல்களில் LOS சிவப்பு இல்லாமல் PON சிமிட்டிக்கொண்டே இருந்தால், ஒளி வருகிறது, ஆனால் பெட்டி இன்னும் ஓஎல்டியில் பதிவாகவில்லை என்று அர்த்தம்.

டெக்கில் டிபிஎம் எண்கள் நிறைய இருக்கின்றன. அவை வழிகாட்டிக்குத் தேவையா?

எல்லாம் தேவையில்லை, ஒன்று தேவை. வீட்டுப் பெட்டிக்கு வந்து சேரும் ஒளியின் அளவு, திரையில் `Rx Power` என்று இருக்கும். பரவலாகப் பயன்படும் ஜிபான் பெட்டிகள் -8 முதல் -27 டிபிஎம் வரை தாங்கும். டெக்கில் அந்த எல்லையைப் போட்டிருப்பார்கள். சப்போர்ட் ஆள் -26.5 என்று பார்த்துவிட்டு, "எல்லைக்குள்தான் இருக்கிறது" என்று அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். அந்த வீட்டுக்குத்தான் விட்டு விட்டு வரும். இன்னும் ஒரு சின்ன இழப்பு சேர்ந்தால் லைன் விழுந்துவிடும்.

நான் வழிகாட்டியில் -25 என்று கோடு போடுகிறேன். அதற்குக் கீழே போனால், நெட் இப்போது ஓடினாலும் டெக்னீஷியன் போக வேண்டும். இணைப்புக் கொடுத்த அன்று பதிவான அளவோடு ஒப்பிடச் சொல்லி ஒரு வரியும் சேர்க்கிறேன். 3 டிபி குறைந்தால் ஒளி பாதியாகிவிட்டது என்று அர்த்தம். அன்று -19 ஆக இருந்தது இன்று -23 என்றால் எல்லைக்குள்தான், ஆனாலும் நடுவில் ஏதோ நடந்திருக்கிறது. அந்த வீடு மட்டும் இறங்கியிருந்தால் வீட்டுக்கு வரும் வயர். அதே ஸ்ப்ளிட்டரின் வீடுகள் எல்லாம் இறங்கியிருந்தால் அதற்கு முன்னால் உள்ள கேபிள்.

"ஸ்லோ" என்ற புகாருக்கு டெக்கில் பன்னிரண்டு காரணம் இருக்கிறது. எப்படிச் சுருக்குவது?

லைனா, வைஃபையா என்ற ஒரே கேள்வியால் அதைப் பாதியாக வெட்டலாம். லேப்டாப்பை வயரில் இணைத்து ஸ்பீட் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். வயரில் முழு வேகம் வந்தால் லைனைப் பற்றிய ஸ்லைடுகள் எல்லாம் விழுந்துவிடும், மிச்சம் வைஃபை. பெட்டி எந்த அறையில், இடையே எத்தனை சுவர், போன் 2.4 கிகாஹெர்ட்ஸில் இருக்கிறதா என்று போகலாம்.

வயரில் வரும் எண்ணையும் கேட்டு எழுதச் சொல்லுங்கள், ஏனென்றால் அது சிலசமயம் பழுதைத் தானே சொல்லிவிடும். 200 எம்பி பிளான், வயரில் 94 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அல்லது 93, 95. நூறுக்குச் சற்றுக் கீழே இப்படி நின்றால் ஃபைபரைத் தேட வேண்டாம். லேப்டாப்புக்கும் பெட்டிக்கும் இடையிலான இணைப்பு 100 எம்பியில் பேசிக்கொண்டிருக்கிறது. கிகாபிட்டுக்கு லேன் கேபிளின் எட்டு வயரும் வேண்டும். நான்கு மட்டும் கிரிம்ப் செய்த கேபிளோ, ஒரு வயர் விட்டுப்போன பிளக்கோ இருந்தால் 100க்கு இறங்கிவிடும். கேபிளை மாற்றிப் பார்க்கச் சொல்லலாம். மாற்றியும் அதே எண் என்றால் லேப்டாப்பின் போர்ட்டோ பெட்டியின் போர்ட்டோ 100 எம்பி வகையா என்று பார்க்க வேண்டும். டெக்கில் இது "போர்ட் நெகோஷியேஷன்" என்ற தலைப்பில் இருக்கும், ஸ்லோ என்ற சொல்லே அந்த ஸ்லைடில் இருக்காது.

வயர் போட வழியில்லாத வீடுகளும் உண்டு. அங்கே விண்டோஸ் லேப்டாப் இருந்தால் இந்த மூன்றையும் வரிசையாகப் போடச் சொல்லலாம்:

```
ping 192.168.1.1 -n 20
ping 8.8.8.8 -n 20
ping google.com -n 20
```

முதல் வரி வீட்டுப் பெட்டி வரைக்கும்தான் போகிறது (உங்கள் பெட்டியின் முகவரி வேறு என்றால் அதைப் போடுங்கள்). அதிலேயே நேரம் தாறுமாறாக ஏறி இறங்கினால், இடையில் பதில் வராமல் போனால், வைஃபை. முதல் வரி சீராக இருந்து இரண்டாவதில் கெட்டால், பெட்டியைத் தாண்டி. இரண்டும் சரியாக இருந்து மூன்றாவது பெயரையே கண்டுபிடிக்கவில்லை என்றால் டிஎன்எஸ். மூன்று வரி, மூன்று வேறு பக்கம்.

"டிவைஸை ரீசெட் செய்யவும்" என்று டெக்கில் பல இடத்தில் இருக்கிறது. அப்படியே எழுதலாமா?

தயவுசெய்து எழுதாதீர்கள். ப்ராடக்ட் டீம் அந்தச் சொல்லில் இரண்டு வேறு வேலையைச் சொல்கிறது. ஒன்று ரீஸ்டார்ட், அணைத்துப் போடுவது. இன்னொன்று ஃபேக்டரி ரீசெட், ஊசி வைத்துப் பின்னால் உள்ள சின்னத் துளையை அழுத்திப் பிடிப்பது. இரண்டாவது, பெட்டியில் உள்ள லாகின் யூசர்நேம், பாஸ்வேர்ட், வைஃபை பெயர் எல்லாவற்றையும் அழித்துவிடும். நம் பக்கத்திலிருந்து தானாக அமைப்புகளை அனுப்பும் வசதி இல்லாத இணைப்பில், அந்த வீட்டுக்கு நெட் திரும்பி வர யாராவது நேரில் போக வேண்டும்.

நான் முன்பு வேலை செய்த ஒரு இடத்தில் இதுவே நடந்தது. வைஃபை ஒரு அறையில் வரவில்லை என்பதுதான் புகார். ஸ்லைடில் இருந்த வரியை நான் அப்படியே வழிகாட்டியில் ஏற்றியிருந்தேன். புதிதாகச் சேர்ந்த பெண் அதை நம்பி ஊசி வைத்து அழுத்தச் சொன்னாள். சனிக்கிழமை மாலை. ஞாயிறு முழுக்க அந்த வீட்டில் நெட் இல்லை, பிள்ளைக்குத் திங்களன்று ஆன்லைன் பரீட்சை. திட்டு வாங்கியது அவள், தப்பு என்னுடையது. அந்தச் சொல்லை இப்போது நான் பயன்படுத்துவதே இல்லை. "பின்னால் இருக்கிற பவர் சுவிட்சை அணைத்து, முப்பது நொடி கழித்துப் போடு" என்று செய்கையையே எழுதுகிறேன். துளையை அழுத்தும் வேலை நெட்வொர்க் டீம் சொன்னால் மட்டும்.

வாடிக்கையாளரைச் செய்யச் சொல்லக் கூடாதவை வேறு என்ன?

ஃபைபர் பிளக்கைப் பிடுங்கிச் சொருகச் சொல்லக் கூடாது. ஒளி போகும் கண்ணாடி இழையின் மையம் 9 மைக்ரான்தான், கண்ணுக்குத் தெரியாத தூசி ஒன்று போதும் அதை மறைக்க. விரலோ சட்டையோ பட்டால் நல்ல லைனும் கெட்டுவிடும். அதிலிருந்து வரும் லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாத வகை என்பதால், கழற்றிய நுனியை யாரும் உற்றுப் பார்க்கவும் கூடாது. இதைப் பக்கத்தின் மேலேயே எழுதுங்கள், அடிக்குறிப்பில் வேண்டாம்.

எழுதி முடித்துவிட்டேன். சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஆபீசில் ஒரு இணைப்பை எடுத்து வேண்டுமென்றே கெடுங்கள். ஒருமுறை ஃபைபரை ஒரு பென்சிலைச் சுற்றி நாலைந்து சுற்று இறுக்கமாகச் சுற்றுங்கள், ஒளி அளவு இறங்குகிறதா என்று திரையில் பாருங்கள் (வளைவைத் தாங்கும் வகை ஃபைபர் என்றால் இன்னும் இறுக்க வேண்டும்). ஒருமுறை லாகின் பாஸ்வேர்டில் ஓர் எழுத்தை மாற்றுங்கள். ஒருமுறை நான்கு வயர் லேன் கேபிளைப் போடுங்கள். ஒருவர் வாடிக்கையாளராகப் பெட்டி பக்கத்தில் உட்காரட்டும். புதிதாகச் சேர்ந்த ஒருவர் அடுத்த அறையில் வழிகாட்டியை மட்டும் வைத்துக்கொண்டு போனில் பேசட்டும்.

நீங்கள் வாயைத் திறக்காமல் பக்கத்தில் இருங்கள். அது கஷ்டம்தான். அவர் பக்கத்தில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்கும் ஒவ்வொரு இடத்தையும் குறியுங்கள், அங்கே ஒரு படி விட்டுப்போயிருக்கிறது. ஒரு கேள்வியைப் படித்துவிட்டு வேறு வார்த்தையில் கேட்டால் அந்த வார்த்தையையே எழுதிக்கொள்ளுங்கள், பெரும்பாலும் அவருடையதுதான் நல்லது.

டெக்குக்குப் புது வெர்ஷன் வந்தால் எல்லாவற்றையும் மறுபடி எழுத வேண்டுமா?

ஒவ்வொரு கேள்விக்கும் ஓரத்தில் அது எந்த ஸ்லைடிலிருந்து வந்தது என்று எண் போட்டு வைத்தால் வேண்டியிருக்காது. மாறிய ஸ்லைடுகளின் எண்ணைத் தேடி, அந்தக் கேள்விகளை மட்டும் திருத்தலாம். புது மாடல் பெட்டி வரும்போது மட்டும் விளக்குப் பக்கத்தை முழுதாகப் பாருங்கள். விளக்குகளின் வரிசை மாறியிருக்கும், சிலவற்றில் LOS, PON இரண்டும் ஒரே விளக்காகி, நிறம் மட்டும் மாறும். அப்போது "இடது பக்கத்துல இருந்து கலர் சொல்லுங்க" என்பதற்கு முன்னால், பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைக் கேட்கும் கேள்வி ஒன்று வர வேண்டும். அந்த எண் நம் திரையிலேயே தெரிந்தால் அதுவும் வேண்டாம்.